சின்னத்தம்பி எந்த மாவட்டத்து யானை?

2019 ஜனவரி கடைசி வாரத்தில் கோவை தடாகம் வட்டாரத்தில் ஒரு கொம்பன் யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சின்னத்தம்பி. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களிலேயே அது மலையிறங்கிவிட்டது. உடுமலைப் பக்கம் நடந்து, கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை வளாகத்தில் சுற்றித் திரிந்து, கண்ணாடிப்புத்தூர் கரும்புத் தோட்டங்களில் தங்கிவிட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பிப்ரவரி 15 அன்று அதை மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் மரக்கூண்டுக்குள் விட்டார்கள்.

அந்த மூன்று வாரமும் தொலைக்காட்சியில் கும்கிகளையும் ஜே.சி.பி.களையும் தமிழ்நாடே பார்த்தது. யானை போன பாதையை இரண்டு வரைபடங்களில் வைத்துப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கும். கலெக்டர் அலுவலகச் சுவரில் தொங்கும் படத்தில் தடாகமும் கோவை மாவட்டம், டாப்சிலிப்பும் கோவை மாவட்டம். லாரிப் பயணத்தில் யானை மாவட்டம் மாறவே இல்லை. கண்ணாடிப்புத்தூருக்கு நடந்தபோதுதான் திருப்பூர் மாவட்டத்துக்குள் வந்தது. வனத்துறையின் படத்தில் இது அப்படியே தலைகீழ். தடாகம் கோவை வனக்கோட்டத்தைச் சேர்ந்தது. டாப்சிலிப் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் பொள்ளாச்சிக் கோட்டத்தில், உலாந்தி சரகத்தில் இருக்கிறது. ஆகவே லாரியில் போனபோதுதான் அது எல்லை தாண்டியது. பின்னால் நடந்து வந்து சேர்ந்த உடுமலை வட்டாரமோ அதே புலிகள் காப்பகத்தின் இன்னொரு கோட்டம். காப்பகத்தின் கள இயக்குநரைப் பொறுத்தவரை யானை அவருடைய பொறுப்பை விட்டு வெளியே போகவில்லை.

இரண்டு படமும் அரசாங்கத்தின் படம்தான். அப்படியானால் ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை?

வருவாய்த் துறையின் ஏணி எல்லோருக்கும் பழக்கமானது. கலெக்டர், அவருக்குக் கீழே ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர், பிறகு தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ. சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், ரேஷன் கார்டு என்று ஏதாவது ஒன்றுக்கு இந்தப் படிகளை ஏறாத குடும்பம் இருக்காது. வனத்துறைக்கும் இதே மாதிரி ஓர் ஏணி உண்டு. மண்டலத்துக்கு ஒரு வனப் பாதுகாவலர், கோட்டத்துக்கு ஒரு டி.எஃப்.ஓ., சரகத்துக்கு ஒரு ரேஞ்சர், அதற்குள் பிரிவுக்கு ஒரு வனவர், பீட் என்கிற காவல் சுற்றுக்கு ஒரு வனக்காப்பாளர். புலிகள் காப்பகமாக இருந்தால் மண்டல அதிகாரியின் இடத்தில் கள இயக்குநரும், கோட்ட அதிகாரியின் இடத்தில் துணை இயக்குநரும் இருப்பார்கள். அடிப்படை வடிவம் மாறாது.

ஒரே ஒரு பதவிப் பெயர் மட்டும் ஆளைக் குழப்பும். மற்ற பல மாநிலங்களில் டி.எஃப்.ஓ. என்றால் கோட்ட வன அலுவலர். சென்னை மாகாணத்தில் தொடக்கத்திலேயே அவரை மாவட்ட வன அலுவலர் என்று அழைத்துவிட்டார்கள், அது இன்று வரை நீடிக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்த காலத்தில் இங்கே வன அதிகாரி கலெக்டருக்குக் கீழே, அவருடைய உதவியாளர் போல வேலை பார்த்தார். பின்னால் வனத்துறை தனி ஏணியாகப் பிரிந்தது, பெயர்ப்பலகை மாறவில்லை. அதனால் ஈரோடு மாவட்டத்தில் கலெக்டர் ஒருவர், மாவட்ட வன அலுவலர் என்று பெயர் போட்டுக்கொள்ளக்கூடியவர்கள் மூன்று பேர்: ஈரோட்டுக்கு ஒருவர், சத்தியமங்கலத்துக்கு ஒருவர், ஆசனூருக்கு ஒருவர். திண்டுக்கல் மாவட்டத்தில் திண்டுக்கல், கொடைக்கானல் என இரண்டு கோட்டம். தர்மபுரியில் தர்மபுரியும் அரூரும்.

வருவாய் மாவட்டம் மனிதர்களைக் கணக்கிட்டு உருவானது. வரி வசூலிக்க, நிலத்தை அளக்க, வழக்கு நடத்த, சட்டம் ஒழுங்கைக் காக்க வசதியாக எத்தனை கிராமங்களை ஓர் ஊரிலிருந்து ஆள முடியும் என்பதுதான் அதன் கணக்கு. மக்கள் தொகை கூடினால், அல்லது தலைநகர் தூரம் என்ற முணுமுணுப்பு பெரிதானால் மாவட்டம் பிரியும். கோவையிலிருந்து 1979-இல் ஈரோடு பிரிந்தது. 2009-இல் கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் வட்டங்களை எடுத்துத் திருப்பூரை உண்டாக்கினார்கள்.

வனக்கோட்டம் உருவான காரணம் வேறு. அது மரத்துக்காகப் பிறந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு காட்டிலிருந்து எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு தேக்கை வெட்டலாம், வெட்டிய இடத்தில் மறுபடி எப்படி வளர்க்கலாம் என்று திட்டம் எழுதினார்கள். செயல்திட்டம் என்கிற அந்த ஆவணத்தை ஒரு கோட்டம் முழுமைக்குமாக எழுதுவார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. டாப்சிலிப் காட்டுக்குள் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அவர் 1933-இல் இறந்தவர். ஆனைமலைத் தேக்குக் காடுகளை ஒட்டமொட்ட வெட்டித் தீர்க்காமல், அடிமரத்தை விட்டு மறுபடி துளிர்க்க வைத்தவர் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்டில் எந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் வருகிறது என்பது இரண்டாம்பட்சம். எந்தச் சரிவிலிருந்து மரத்தை எந்தப் பக்கம் இறக்கலாம், எந்த ஓடையைத் தாண்டினால் அடுத்த கூப்பு என்பதுதான் முக்கியம்.

அதனால்தான் காட்டின் உள்எல்லைகள் பெரும்பாலும் மலைமுகட்டையும் ஓடையையும் பழைய வண்டித்தடத்தையும் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. தீ வந்தால் எந்த முகட்டில் தடுக்கலாம், மழைக்காலத்தில் எந்த ஆற்றைக் கடக்க முடியாது என்பது காவலுக்குப் போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். சர்வே எண்ணை வைத்துப் பிரித்தால் இந்த வேலை நடக்காது.

சரகத்தின் அளவை முடிவு செய்வதும் மனிதக் காலின் எல்லைதான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஏறத்தாழ 1,408 சதுர கிலோமீட்டர். அதில் சத்தியமங்கலம் கோட்டத்தில் ஐந்து, ஆசனூர் கோட்டத்தில் ஐந்து எனப் பத்துச் சரகங்கள் உண்டு. சராசரியாக ஒரு ரேஞ்சருக்கு 140 சதுர கிலோமீட்டர். ஒரு தாசில்தாருக்கு இது பெரிய பரப்பில்லை. தாசில்தாரைத் தேடி மக்கள் வருவார்கள், ரேஞ்சரோ தன் பரப்பைத் தேடிப் போக வேண்டும். கடம்பூர் மலையும் பவானிசாகர் நீர்ப்பிடிப்பும் தலமலைப் பீடபூமியும் மூன்று விதமான நிலம். ஒரே ஆளால் மூன்றையும் பார்க்க முடியாது.

பீட் அளவில் இது இன்னும் தெளிவாகும். நாடு முழுவதும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பில் அடிப்படை அலகு பீட்தான். ஒவ்வொரு பீட்டிலும் ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் மூன்று பாதைகளில் நடந்து புலி, சிறுத்தையின் கால்தடம், எச்சம், மரத்தில் நகம் கீறிய அடையாளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அது போக, குறைந்தது இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் காலையில் நடந்து கண்ணில் படும் மான், காட்டெருமை, பன்றியை எண்ண வேண்டும். வனக்காப்பாளரும் வாட்சரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒரு பீட்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் படத்தில் ஒரு கோடு குறையும், காட்டில் பாதி இடத்துக்கு ஆள் போகவே மாட்டார்கள்.

இனி ஆனைமலைக்கே திரும்பலாம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் வந்தபோது உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து மலைகள் புதிய மாவட்டத்துக்குப் போயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2007-இல்தான் ஆனைமலை புலிகள் காப்பகமாகியிருந்தது. உள்காடும் சுற்றுக்காடும் சேர்த்துச் சுமார் 1,480 சதுர கிலோமீட்டர். மாவட்டக் கோடு நடுவில் விழுந்ததற்காகக் காப்பகத்தை இரண்டாக வெட்டவில்லை. புலிக்கும் யானைக்கும் அமராவதிப் பள்ளத்தாக்கும் டாப்சிலிப்பும் ஒரே வீடு. வேட்டைத் தடுப்பு, தீத்தடுப்பு, கேமரா வைப்பது எல்லாம் ஒரே திட்டத்தில் வர வேண்டும். அதனால் காப்பகத்துக்கு ஒரே கள இயக்குநர். அவருக்குக் கீழே கோவை மாவட்டப் பகுதிக்குப் பொள்ளாச்சிக் கோட்டம். அதில் பொள்ளாச்சி, வால்பாறை, உலாந்தி, மானாம்பள்ளி சரகங்கள். திருப்பூர் மாவட்டப் பகுதிக்குத் திருப்பூர் கோட்டம். அதில் உடுமலை, அமராவதி, கொழுமம், வந்தரவு போன்றவை.

இங்கே கோட்டத்தின் எல்லையும் மாவட்டத்தின் எல்லையும் ஓரளவு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள், அதற்கு மேலே காப்பகத்தை மட்டும் இரு மாவட்டத்துக்கும் பொதுவாக வைத்தார்கள். நல்ல சமரசம் என்றே சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தபோது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அம்பாசமுத்திரம் கோட்டம் அப்படியே இருந்தது. அந்தக் கோட்டத்தின் கடையம் சரகம் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அதாவது ஒரே துணை இயக்குநர் இரண்டு கலெக்டர்களோடு பேச வேண்டும். வேறு சில இடங்களில் காடு மாவட்டத்தை முந்திக்கொண்டது. திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது 2019-இல், திருப்பத்தூர் வனக்கோட்டம் அதற்கு வெகு முன்பே இருந்தது. தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்த பிறகும் அங்கிருந்த ஓசூர் கோட்டம் ஓசூர் கோட்டமாகவே இருக்கிறது.

ரேஞ்ச் என்றாலே காட்டுக்குள் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு சரகத்தின் பொறுப்பு ஆர்.எஃப். எல்லைக் கல்லோடு முடிவதில்லை. வெளியே இருக்கும் கிராமங்களும் ஏதாவது ஒரு சரகத்தின் கணக்கில் வரும். கண்ணாடிப்புத்தூரில் நின்றது பட்டா நிலத்துக் கரும்புதான், ஆனால் உள்ளே நின்ற யானையைப் பார்த்துக்கொள்ள அமராவதி சரகத்து ஆட்கள்தான் இரவு பகலாக நின்றார்கள். காடே அதிகம் இல்லாத காங்கேயம் பக்கத்திலும் வனச்சரகம் உண்டு. 2023-இல் ஊதியூர் மலையில் சிறுத்தை வந்து ஆடுகளைப் பிடித்தபோதுதான் பலருக்கும் அந்த அலுவலகம் இருப்பதே தெரிந்தது.

யானையைப் பிடிப்பது என்று வந்துவிட்டால் மாவட்டமே ஓரமாக நிற்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் யானை இருக்கிறது. அதைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ, சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். கலெக்டருக்கு அந்த அதிகாரம் இல்லை, டி.எஃப்.ஓ.வுக்கும் இல்லை. ஆனால் யானை ஊருக்குள் நிற்கும்போது வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்கு உத்தரவு போட வனத்துறையால் முடியாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள் நுழைந்தபோது 144 தடை போட்டது வருவாய் நிர்வாகம், ஊசி போட்டது வனத்துறை. யானைக்கு ஒரு சட்டம், அதை வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டத்துக்கு இன்னொரு சட்டம்.

இந்த இரண்டு படங்களும் ஒட்டும் இடத்தில்தான் சாதாரண மனிதருக்குச் சிக்கல் வருகிறது. மடத்துக்குளம் வட்டத்து விவசாயி ஒருவரின் தென்னந்தோப்பில் யானை புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு தருவது வனத்துறை. அதனால் மனு ரேஞ்சருக்குப் போக வேண்டும், வனவர் வந்து தடத்தைப் பார்த்து யானைதான் என்று எழுத வேண்டும். ஆனால் நிலம் அவருடையதுதானா, அதில் தென்னைதான் இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் வி.ஏ.ஓ. எத்தனை மரம், எவ்வளவு மதிப்பு என்பதற்கு வேளாண்மைத் துறையின் கையெழுத்து வேண்டும். மூன்று பேரும் மூன்று வேறு ஊர்களில் உட்கார்ந்திருக்கும் மூன்று வேறு மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். தோப்பு சரக எல்லையை ஒட்டி இருந்துவிட்டால் முதல் கேள்வியே இது எந்த ரேஞ்ச் என்பதாகிவிடும். தடம் கலைவதற்குள் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும்.

எந்தத் தாலுகா என்று தெரியாத விவசாயி கிடையாது. எந்த ரேஞ்ச் என்று தெரிந்தவர்கள் மலையடிவாரத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள். பட்டாவிலும் அடங்கலிலும் வட்டத்தின் பெயரும் கிராமத்தின் பெயரும் அச்சாகின்றன. சரகத்தின் பெயர் எங்கும் இல்லை. ஒவ்வொரு வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் அந்தக் கிராமம் எந்தச் சரகத்தில், எந்தப் பீட்டில் வருகிறது என்று ஒரு வரி எழுதி ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

மலைக்குள் இருப்பவர்களின் நிலை வேறு மாதிரி. உடுமலை வட்டத்தைச் சேர்ந்த மாவடப்பு என்ற பழங்குடிக் குடியிருப்புக்கு வண்டியில் போக வேண்டுமானால் வால்பாறைச் சாலையில் ஏறி, காடம்பாறை வழியாகச் சுற்ற வேண்டும். தன் மாவட்டத்தின் தாலுகா அலுவலகத்துக்கு வர இன்னொரு மாவட்டத்தின் வழியாக இறங்க வேண்டிய ஊர் அது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் பட்டா கேட்டால் கிராம சபையில் தொடங்கி, ஆர்.டி.ஓ. தலைமையிலான உட்கோட்டக் குழு, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு என்று மனு ஏறும். வன அலுவலர் அந்தக் குழுக்களில் உறுப்பினர் மட்டுமே. காட்டுக்குள் இருக்கும் நிலத்துக்கு, மாவட்ட வரைபடத்தின் ஏணியில்தான் உரிமை கிடைக்கிறது. 2006-இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். வனத்துறையோடு தகராறில் இருக்கும் நிலத்துக்கு வனத்துறையே நீதிபதியாகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

சாலைக்கு மட்டும் இதே சட்டம் ஏணியைத் திருப்பி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகை வசதிகளுக்காக வன நிலத்தை எடுக்க 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு வழி தருகிறது. கிராம சபை தீர்மானம் போட வேண்டும். விண்ணப்பம் முதலில் ரேஞ்சரிடம் போகும். அவர் நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார், டி.எஃப்.ஓ. முடிவெடுப்பார். அவர் மறுத்தால்தான் விஷயம் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும், அங்கே சொல்வதே இறுதி.

இந்த வழிக்கு இரண்டு அளவுகோல் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஒரு ஹெக்டேரில் வெட்டும் மரங்கள் 75-ஐத் தாண்டக் கூடாது. மூன்று மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேருக்குள் சுமார் 3.3 கிலோமீட்டர் வரும். மலையில் வளைந்து வளைந்து ஏறும் பாதை அதைத் தாண்டிவிட்டால், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். அப்போது கோப்பு இரண்டு ஏணியையும் தாண்டி மேலே போய்விடும்.